பணம் எந்தத் தேதியில் வேண்டும்? ராமநாதபுரம் கரையோரச் சம்பளக்காரர்களின் மியூச்சுவல் ஃபண்டு கேள்விகள்

மியூச்சுவல் ஃபண்டில் போடும் என் பணம் உண்மையில் எங்கே போகிறது?

பல ஆயிரம் பேரின் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு நிதி மேலாளர் அதைக் கொண்டு நிறுவனப் பங்குகளையோ கடன் பத்திரங்களையோ வாங்குகிறார். எதை வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்ற வரம்பை அந்தத் திட்டத்தின் ஆவணம் முன்பே வகுத்திருக்கும். அதைக் கண்காணிப்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி.

விசைப்படகில் பங்கு பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மீனை விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். மீன்பாடு குறைந்தால் பங்கும் குறையும். ஃபண்டிலும் அப்படியே. ஒவ்வொரு வேலைநாளும், கையிலுள்ள பங்குகள், பத்திரங்களின் அன்றைய சந்தை மதிப்பைக் கூட்டி, நிர்வாகச் செலவைக் கழித்து, மீதியை மொத்த யூனிட்டுகளால் வகுக்கிறார்கள். கிடைக்கும் தொகைதான் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை. ஃபண்டிடம் செலவு போக 100 கோடி ரூபாய் இருந்து, 2 கோடி யூனிட்டுகள் இருந்தால் ஒரு யூனிட் 50 ரூபாய். நீங்கள் 2,000 ரூபாய் போட்டால் 40 யூனிட் கிடைக்கும். (10 பைசா முத்திரைத் தீர்வை பிடிப்பார்கள். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

யூனிட் 10 ரூபாய் என்றால் மலிவு, 500 ரூபாய் என்றால் விலை அதிகம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஃபண்டுகளும் ஒரே பங்குகளை வைத்திருந்து அவை 8 சதவீதம் உயர்ந்தால், இரண்டிலும் உங்கள் பணம் 8 சதவீதமே உயரும். புதிய ஃபண்டு 10 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று யாராவது அவசரப்படுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

வங்கி டெபாசிட்டில் வட்டியை எழுதித் தருகிறார்கள். இங்கே எவ்வளவு கிடைக்கும் என்று ஏன் யாரும் எழுதித் தருவதில்லை?

டெபாசிட் போடும்போது வங்கி உங்களுக்குக் கடன்படுகிறது. அது என்ன லாபம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பேசிய வட்டியைத் தர வேண்டும். வங்கியே நொடித்தால்கூட ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. மியூச்சுவல் ஃபண்டு உங்களிடம் கடன் வாங்குவதில்லை. வாங்கி வைத்திருக்கும் சொத்தில் உங்களைப் பங்குதாரர் ஆக்குகிறது. அந்தச் சொத்து இன்று என்ன விலை போகிறதோ அதுதான் உங்களுக்கு உரியது.

விளம்பரத்தில் வரும் "12 சதவீதம்", "15 சதவீதம்" எல்லாம் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்துக் கணக்கிட்டவை. அதை வாசிப்பதிலும் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. முதலாவது, மொத்த லாபத்துக்கும் ஆண்டு லாபத்துக்கும் உள்ள வேறுபாடு. "50 சதவீத லாபம்" என்பது ஐந்து ஆண்டுகளில் கிடைத்தது என்றால், கூட்டு வட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 8.4 சதவீதம்தான். இரண்டாவது, சராசரி. ஒரு லட்சம் ரூபாய் முதல் ஆண்டில் 50 சதவீதம் ஏறி 1,50,000 ஆகிறது. அடுத்த ஆண்டில் 50 சதவீதம் இறங்கி 75,000 ஆகிறது. இரண்டு ஆண்டுகளின் சராசரி பூஜ்யம். ஆனால் உங்கள் கையிலிருந்து 25,000 ரூபாய் போயிருக்கிறது. 40 சதவீதம் விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர 40 சதவீதம் ஏறினால் போதாது, கிட்டத்தட்ட 67 சதவீதம் ஏற வேண்டும். எனவே ஒரு ஃபண்டு எவ்வளவு தந்தது என்று பார்ப்பதோடு நிற்காமல், நடுவில் எவ்வளவு விழுந்தது, எழ எவ்வளவு காலம் எடுத்தது என்பதையும் பாருங்கள்.

போட்ட பணம் முழுவதும் போய்விடுமா?

பல நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்டில் பணம் பூஜ்யமாவதற்கு அத்தனை நிறுவனங்களும் ஒரே நேரத்தில் மூழ்க வேண்டும். அது நடப்பதற்கில்லை. ஃபண்டு நடத்தும் நிறுவனம் மூடப்பட்டாலும் பங்குகள் அதன் சொத்தாக இருப்பதில்லை. அவை அறங்காவலர்களின் பொறுப்பில், தனியான ஒரு பாதுகாவலரிடம் இருக்கும். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது.

ஆனால் பாதிப் பணம் காகிதத்தில் காணாமல் போவது நடக்கும், நடந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைத் தொகுத்துக் காட்டும் குறியீடான சென்செக்ஸ், 2008 ஜனவரி 8 அன்று ஏறக்குறைய 20,900 புள்ளிகளில் முடிந்தது. 2009 மார்ச்சில் 8,160. உச்சத்தில் போட்ட ஒரு லட்சம் ரூபாய் அப்போது 39,000 ரூபாய் அளவில் இருந்திருக்கும். 2010 நவம்பரில் பழைய உயரத்தைத் தொட்டுவிட்டு மறுபடியும் சரிந்தது. அதை உறுதியாகக் கடந்தது 2013-இன் கடைசியில்தான். டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்து போட்ட பணம் மட்டுமே கையில் நின்றது.

கொரோனா காலத்தில் வேறு மாதிரி நடந்தது. 2020 ஜனவரி 14 அன்று 12,362-இல் இருந்த நிஃப்டி குறியீடு, மார்ச் 23 அன்று 7,610-க்கு வந்தது. பத்து வாரங்களில் 38 சதவீத வீழ்ச்சி. அதே ஆண்டு நவம்பரில் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

ஒரு வீழ்ச்சி சில மாதங்களில் சரியானது, இன்னொன்று பல ஆண்டுகள் எடுத்தது. விழுந்துகொண்டிருக்கும் நாளில் இது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் பேசும் நிபுணராலும் முடியாது. ரிஸ்க் என்று சொல்வது இதைத்தான்: உங்களுக்குப் பணம் தேவைப்படும் தேதியும் சந்தை எழுந்து நிற்கும் தேதியும் ஒத்துப்போகாமல் இருப்பது.

மண்டபத்தில் மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 22,000. கணவர் விசைப்படகில் போகிறார். வீட்டுச் செலவு 30,000. மகள் பிளஸ் ஒன், இரண்டு ஆண்டில் கல்லூரிக்கு 60,000 வேண்டும். வங்கியில் 40,000 இருக்கிறது, மாதம் 5,000 மிச்சம் பிடிக்கலாம். எதில் போடுவது?

எந்த ஃபண்டு என்று தேடுவதற்கு முன்னால், இந்த 5,000 ரூபாயை அது தேவைப்படும் தேதியை வைத்துப் பிரியுங்கள்.

கல்லூரிப் பணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கல்லூரி உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் மாதம் 2,500 ரூபாயை வங்கியில் 24 மாதத் தொடர் வைப்பில் போடுங்கள். அசலே 60,000 சேர்ந்துவிடும், வட்டி தனி. பங்கு ஃபண்டில் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றும். 2020-இல் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அந்த ஜனவரியில் நிஃப்டியைப் பின்பற்றும் ஃபண்டில் 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தால், மார்ச் கடைசியில் அது ஏறக்குறைய 37,000. நவம்பரில் திரும்பி வந்தது உண்மைதான். கட்டணத்தை நவம்பரில் கட்டுகிறேன் என்று சொல்ல முடியுமா? இரண்டு ஆண்டுப் பணத்துக்குப் பங்கு ஃபண்டு பொருந்தாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது அவசரப் பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் உங்கள் 22,000-ஐக் கொண்டே வீடு நடக்க வேண்டும். அரசு தரும் நிவாரணம் எந்த நாளில் கைக்கு வரும் என்பதையும் நம்பியிருக்க முடியாது. தடைக்காலம் மட்டுமா, புயல் எச்சரிக்கை வந்தாலும் படகு கட்டிக் கிடக்கும். எனவே மூன்று மாதச் செலவான 90,000 ரூபாயாவது எடுத்த உடனே கிடைக்கும்படி இருக்க வேண்டும். இருக்கும் 40,000-ஐத் தொடாமல், மாதம் 1,500 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலோ, குறுகிய காலக் கடன் பத்திரங்களை மட்டும் வாங்கும் லிக்விட் ஃபண்டிலோ சேருங்கள். லிக்விட் ஃபண்டில் இன்று விண்ணப்பித்தால் அடுத்த வேலைநாளில் பணம் வங்கிக்கு வந்துவிடும். போட்ட முதல் ஆறு நாட்களுக்குள் எடுத்தால் மட்டும் மிகச் சிறிய வெளியேற்றக் கட்டணம் பிடிப்பார்கள்.

மீதி 1,000 ரூபாய்க்கு எந்தத் தேதியும் இல்லை. உங்கள் முதுமைக்கான அந்தப் பணத்துக்குப் பதினைந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதை ஒரு நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுங்கள். இன்டெக்ஸ் ஃபண்டு என்பது குறியீட்டிலுள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைப்பது. மேலாளரின் திறமையை நம்ப வேண்டியதில்லை, செலவும் குறைவு. 1,000 சிறிய தொகைதான். ஆனால் முதல் வீழ்ச்சியைச் சிறிய தொகையில் பார்த்துப் பழகுவது நல்லது என்பது என் கருத்து.

24 மாதம் முடிந்ததும் கல்லூரிக்குப் போட்ட 2,500 விடுபடும். அப்போது அவசரப் பணம் 76,000-இல் இருக்கும். விடுபட்ட 2,500-ஐயும் அங்கே திருப்பினால் நான்கு மாதத்தில் 90,000-ஐத் தாண்டிவிடும். அதன்பிறகு மாதம் 5,000-இல் எவ்வளவை நீண்டகாலத்துக்கு விடலாம் என்று உட்கார்ந்து பேசலாம். நடுவில் தடைக்காலத்தில் இதிலிருந்து எடுக்க நேர்ந்தால் கணக்கு சில மாதம் தள்ளிப்போகும். அதற்காகத்தானே அந்தப் பணம்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தவணை கட்டுவதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். அடகுக்கு நீங்கள் கட்டும் வட்டி உறுதியானது, ஃபண்டில் வரும் லாபம் உறுதியற்றது.

எஸ்.ஐ.பி. போட்டால் நட்டம் வராது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். சரிதானே?

சரியில்லை. எஸ்.ஐ.பி. என்பது மாதந்தோறும் ஒரே தொகையைப் போடும் முறை, அவ்வளவுதான். அது எப்போது உதவுகிறது, எப்போது உதவாது என்பதை ஐந்து மாதக் கணக்கில் பார்த்துவிடலாம்.

மாதம் 2,000 ரூபாய் போடுகிறீர்கள். முதல் மாதம் யூனிட் விலை 50, உங்களுக்கு 40 யூனிட். இரண்டாம் மாதம் விலை 40 ஆகிறது, 50 யூனிட். மூன்றாம் மாதம் 32-க்கு விழுகிறது, 62.5 யூனிட். இந்த இடத்தில் நின்று கணக்கைத் திறந்தால் வயிறு கலங்கும். போட்டது 6,000, இருப்பது 4,880. பயந்து எடுத்துவிட்டால் 1,120 ரூபாய் நட்டம் நிலைத்துவிடும். எடுக்காமல் தொடர்ந்தால் நான்காம் மாதம் விலை 40, 50 யூனிட். ஐந்தாம் மாதம் மறுபடி 50, 40 யூனிட். மொத்தம் 10,000 ரூபாய்க்கு 242.5 யூனிட். இன்றைய விலை 50-இல் அதன் மதிப்பு 12,125 ரூபாய். விலை தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறது, உங்களுக்கோ 2,125 லாபம். விலை குறைந்த மாதங்களில் அதிக யூனிட் சேர்ந்ததே காரணம். விளம்பரங்கள் காட்டுவது இந்தப் பாதியைத்தான்.

இப்போது மறுபாதி. அதே 2,000 ரூபாய். விலை இந்த முறை 50, 60, 70, 60, 50 என்று ஏறி இறங்குகிறது. யூனிட்டுகள் 40, 33.33, 28.57, 33.33, 40. மொத்தம் ஏறக்குறைய 175.24. விலை 50-இல் அதன் மதிப்பு 8,762 ரூபாய். இங்கேயும் விலை 50-இல் தொடங்கி 50-இல் முடிந்திருக்கிறது, ஆனால் உங்களுக்கு 1,238 ரூபாய் நட்டம். விலை கூடியிருந்தபோது வாங்கியவை கடைசியில் விலை இழந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எஸ்.ஐ.பி.யில் தொடக்கத்தில் விழுவது உங்களுக்கு நன்மை, கடைசியில் விழுவது கேடு. தொடக்கத்தில் உங்கள் பணம் சிறியது, கடைசியில்தான் பெரியது. பத்தாண்டு சேர்த்த பிறகு வரும் 30 சதவீத வீழ்ச்சி பத்தாண்டுச் சேமிப்பின் மீது விழுகிறது. அன்றைய மாதத் தவணை அதைத் தாங்கிப் பிடிக்காது. ஆகவே பணம் வேண்டிய தேதிக்கு மூன்று ஆண்டு இருக்கும்போதே, பங்கு ஃபண்டிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து டெபாசிட்டுக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றத் தொடங்குங்கள். சந்தை ஏறிக்கொண்டிருந்தாலும் மாற்றுங்கள். அப்போது மனம் ஒப்பாது, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று சொல்லும். தேதியை முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் அந்த மனத்தோடு வாதாட வேண்டியிருக்காது.

ஒரு வருடமாகப் போடுகிறேன். போட்டதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. நிறுத்தலாமா?

முதலில், விழுந்தது சந்தையா உங்கள் ஃபண்டு மட்டுமா என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபண்டும் தன்னை எந்தக் குறியீட்டோடு ஒப்பிட வேண்டும் என்று அறிவித்திருக்கும். மாதந்தோறும் வெளியிடும் தகவல் தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். குறியீடு 15 சதவீதம் விழுந்து, ஃபண்டும் அந்த அளவே விழுந்திருந்தால் ஃபண்டின் மேல் குற்றம் இல்லை. பணத்துக்கு இன்னும் பல ஆண்டு அவகாசம் இருந்தால் தொடருங்கள். குறியீடு நன்றாக ஏறியும் உங்கள் ஃபண்டு மூன்று ஆண்டுகளாகப் பின்தங்கியே இருந்தால் மாற்றுவதில் தவறில்லை.

வருமானம் குறைந்துவிட்டது என்றால் அது வேறு கதை. தவணையை நிறுத்தினாலும் அதுவரை சேர்ந்த யூனிட்டுகள் அப்படியே இருக்கும். நிறுத்துவதும் எடுப்பதும் ஒன்றல்ல.

கடன் ஃபண்டு என்றால் டெபாசிட் மாதிரி பாதுகாப்பானதா?

சில கடன் ஃபண்டுகள் அதற்கு அருகில் வரும், சில வரவே வராது. இரண்டு ஆபத்துகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஒன்று, வட்டி விகிதம். ஃபண்டு 7 சதவீத வட்டி தரும் பத்தாண்டுப் பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது. நாளை சந்தையில் 8 சதவீதத்துக்குப் புதுப் பத்திரம் கிடைத்தால் பழையதை 100-க்கு யார் வாங்குவார்கள்? அதன் விலை ஏறக்குறைய 93 ரூபாய்க்கு இறங்கும், யூனிட் விலையும் சேர்ந்து இறங்கும். பத்திரத்தின் காலம் நீள நீள இந்த அடி பெரிதாகும். லிக்விட் ஃபண்டுகள் 91 நாட்களுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டுமே வாங்கலாம் என்பதால் அங்கே இது மிகச் சிறியது.

இன்னொன்று, கடன் வாங்கிய நிறுவனம் திருப்பித் தராமல் போவது, அல்லது அந்தப் பத்திரத்தை வாங்க ஆளே கிடைக்காமல் போவது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. தரமதிப்பீடு குறைந்த, அதனால் வட்டி அதிகம் தரும் பத்திரங்கள் அவற்றில் நிறைய இருந்தன. கொரோனாப் பீதியில் முதலீட்டாளர்கள் பணம் கேட்டபோது அந்தப் பத்திரங்களை விற்க முடியவில்லை. நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு, பணம் பல தவணைகளாகப் பின்னர் வந்து சேர்ந்தது. ஆனால் அடுத்த மாதச் செலவுக்கென்று அதில் வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

முன்கூட்டியே அறிய ஒரு வழி இருக்கிறது. ஃபண்டின் பத்திரப் பட்டியலை எடுத்து, எத்தனை சதவீதம் அரசுப் பத்திரம் அல்லது மிக உயர்ந்த தரமதிப்பீடான ஏ.ஏ.ஏ. தரம் என்று பாருங்கள். ஒரே வகையிலுள்ள மற்ற ஃபண்டுகளைவிட ஒன்று மட்டும் 2 சதவீதம் அதிகம் தருகிறது என்றால், அந்த 2 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

ஃபண்டு விளம்பரத்தில் ஒரு முள் காட்டும் வட்டம் இருக்கிறதே, அதை நம்பலாமா?

அது இடர்மானி. குறைவு முதல் மிக அதிகம் வரை ஆறு படிகள். கடன் ஃபண்டுகளைப் பிரித்தறிய அது நன்றாகவே உதவும். பங்கு ஃபண்டுகள் பெரும்பாலும் "மிக அதிகம்" என்ற கடைசிப் படியிலேயே இருப்பதால், அவற்றுக்குள் எது மேல் என்று அது சொல்லாது. எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லாது.

டைரக்ட், ரெகுலர் என்று ஒரே ஃபண்டுக்கு இரண்டு பெயர் வருகிறது. எதை எடுப்பது?

பங்குகள் ஒன்றே, மேலாளரும் ஒருவரே. ரெகுலரில் உங்களைச் சேர்த்துவிட்ட விநியோகஸ்தருக்கான கமிஷன் ஆண்டுச் செலவில் கலந்திருக்கும், டைரக்டில் இருக்காது. இந்தச் செலவை உங்களிடம் தனியாகக் கேட்க மாட்டார்கள். தினமும் யூனிட் விலையிலிருந்தே கழிப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லட்சம் ரூபாய் 15 ஆண்டு ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய 4,17,700 ஆகும். செலவு 1 சதவீதம் கூடி 9 சதவீதம் வளர்ந்தால் 3,64,200. வேறுபாடு 53,000 ரூபாய்க்கு மேல்.

இன்டெக்ஸ் ஃபண்டைத் தானே தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் டைரக்டில் போவது நல்லது. படிவம் நிரப்பவும், சந்தை விழும்போது அவசரப்பட்டு எடுக்காமல் தடுக்கவும் ஊரில் நம்பகமான ஒருவர் இருந்தால் அவருக்குக் கொடுக்கும் கமிஷன் வீண் அல்ல. விநியோகஸ்தரின் பதிவு எண்ணான ஏ.ஆர்.என். எண்ணை அவரிடம் கேளுங்கள். ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

கீழக்கரையில் இருக்கிறோம். வட்டி எங்களுக்கு ஆகாது. எங்களுக்கு ஏற்றது ஏதாவது உண்டா?

உண்டு. வங்கி, மது, சூதாட்டம் போன்ற தொழில்களையும், அதிகக் கடன் சுமந்த நிறுவனங்களையும் விலக்கி முதலீடு செய்யும் பங்கு ஃபண்டுகள் இந்தியாவில் இருக்கின்றன. டாடா எத்திகல், டாரஸ் எத்திகல் ஆகியவை அந்த வகை. நிஃப்டி 50 ஷரியா என்ற குறியீடும் இருக்கிறது. பெயரைச் சொல்வது விவரத்துக்காக, வாங்கச் சொல்வதற்காக அல்ல.

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். சாதாரண நிஃப்டியில் வங்கி, நிதித் துறைதான் மிகப் பெரிய பகுதி. அது முழுக்க இல்லாததால், வங்கிப் பங்குகள் வேகமாக ஏறும் ஆண்டில் இந்த ஃபண்டுகள் பின்தங்கும், அவை விழும் ஆண்டில் தப்பிக்கும். மற்றொன்று, லிக்விட் ஃபண்டும் கடன் ஃபண்டும் வட்டியிலேயே இயங்குபவை. எனவே அவசரப் பணத்துக்கு அந்த வழி உங்களுக்கு இல்லை. அதற்காக அவசரப் பணத்தைப் பங்கு ஃபண்டில் போட்டுவிடாதீர்கள். வங்கிக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, சேரும் வட்டியை என்ன செய்வது என்பதையும், ஒரு குறிப்பிட்ட ஃபண்டு ஏற்புடையதா என்பதையும் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

லாபத்துக்கு வரி எவ்வளவு?

விலை ஏறியதால் வரும் லாபத்துக்கு, யூனிட்டை விற்கும்போதுதான் வரி. 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, பங்கு ஃபண்டை ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டு கடந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1,25,000 ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2023 ஏப்ரல் முதல் வாங்கிய கடன் ஃபண்டின் லாபம் சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதப்படி கணக்கிடப்படும். பல பங்கு ஃபண்டுகள் ஓராண்டுக்குள் எடுத்தால் 1 சதவீதம் வெளியேற்றக் கட்டணமும் பிடிக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் மாதம் 3 சதவீதம் நிச்சயம் என்று ஒருவர் சொல்கிறார். அதுவும் மியூச்சுவல் ஃபண்டாம்.

அது மியூச்சுவல் ஃபண்டு அல்ல. பங்கு ஃபண்டு எதுவும் நிச்சய லாபம் தருவதாகச் சொல்லக் கூடாது. மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல். நேர்மையான எந்தத் தொழிலும் அதை மாதாமாதம் எழுதித் தராது.

பணம் எங்கே போகிறது என்பதை வைத்தே கண்டுகொள்ளலாம். உண்மையான ஃபண்டில் பணம் அந்த ஃபண்டின் வங்கிக் கணக்குக்கோ பங்குச்சந்தையின் தீர்வு நிறுவனத்துக்கோதான் போகும், திரும்பும்போது உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரும். தனி நபரின் எண்ணுக்கு ஜி-பே செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முறையாக வாங்கிய யூனிட்டுகளுக்குப் பதிவாளரிடமிருந்து மின்னஞ்சலில் கணக்கு அறிக்கை வரும். `mfcentral.com` தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து எல்லா ஃபண்டுகளையும் ஒரே இடத்தில் நீங்களே பார்க்கலாம். அங்கே தெரியாத முதலீடு உங்கள் பெயரில் இல்லை என்றே கொள்ளுங்கள். ஃபண்டு நிறுவனம் புகாரைக் கவனிக்காவிட்டால் செபியின் `scores.sebi.gov.in` தளத்தில் முறையிடலாம்.

சரி, தொடங்கிவிடுகிறேன். என்னென்ன வேண்டும்?

பான், ஆதார், உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, ஆதாரோடு இணைந்த செல்பேசி எண். கே.ஒய்.சி. ஒரு முறை செய்தால் போதும், எல்லா ஃபண்டுகளுக்கும் அதுவே செல்லும். பானிலும் ஆதாரிலும் பெயரோ பிறந்த தேதியோ வேறுபட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதை முதலில் சரிசெய்யுங்கள். நாமினி பெயரைக் காலியாக விடாதீர்கள்.

தவணைத் தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு நான்கைந்து நாள் தள்ளி வையுங்கள். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளிலும் சிறு நிறுவனங்களிலும் சம்பளம் சில நாள் தாமதமாவது வழக்கம். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் ஃபண்டு அபராதம் கேட்காது, ஆனால் உங்கள் வங்கி ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால் பொதுவாக எஸ்.ஐ.பி. தானாக ரத்தாகிவிடும். தடைக்காலத்தில் கை இறுகும் என்று முன்பே தெரிந்தால், ஏப்ரல் தொடக்கத்திலேயே தவணையை இடைநிறுத்தச் சொல்லி விண்ணப்பியுங்கள். பெரும்பாலான ஃபண்டு நிறுவனங்கள் இந்த வசதியைத் தருகின்றன. அந்த விண்ணப்பத்தை அடுத்த தவணைக்குச் சில நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும்.